TN33-ம் 2014-ம்: பிள்ளையின் இணையப் பெயரில் ஒளிந்திருக்கும் முகவரி

கேள்வி: என் மகனுக்குப் பதினொரு வயது, ஆறாம் வகுப்பு. ரோப்ளாக்ஸ் விளையாடுகிறான். செஸ் வகுப்புக்காக லிசெஸ் தளத்திலும் கணக்கு வைத்திருக்கிறான். இரண்டிலும் அவனே வைத்துக்கொண்ட பெயர் KavinTN33_2014. மாற்றச் சொன்னால், "அதுல அப்பா பேரும் இல்ல, ஸ்கூல் பேரும் இல்ல, அட்ரஸும் இல்லையேம்மா" என்கிறான். பெயரை மாற்றினால் விளையாட்டில் சேர்த்ததெல்லாம் போய்விடும் என்று அழுகை வேறு. இந்தப் பெயர் உண்மையிலேயே ஆபத்தா? மாற்றுவதென்றால் என்ன பெயர், எப்படி வைப்பது?
— ஒரு தாய், ஈரோடு (பையனின் பெயர் மாற்றப்பட்டுள்ளது)

பதில்:

மாற்றத்தான் வேண்டும். ஆனால் பையன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது என்பதை முதலில் ஒப்புக்கொள்ளுங்கள். அந்தப் பெயரில் முகவரி இல்லைதான். முகவரிக்குப் போகும் வழி இருக்கிறது. அதை அவன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். திட்டுவதைவிட இது வேலை செய்யும்.

தாளின் மேலே "தமிழ்நாடு" என்று எழுதுங்கள். 2011 கணக்கெடுப்பின்படியே ஏழு கோடிக்கு மேல் மக்கள். TN33 என்பது ஈரோடு கிழக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் வண்டி எண். தெருவில் ஓடும் எந்த மொபெட்டைப் பார்த்தாலும் தெரிந்துவிடுகிற விஷயம். ஆக ஏழு கோடி நான்கே எழுத்தில் ஈரோட்டின் ஒரு பகுதியாகச் சுருங்கிவிட்டது. அடுத்து 2014. யாரும் தன் பெயருக்குப் பின்னால் சம்பந்தமில்லாத நான்கு இலக்க ஆண்டை வைப்பதில்லை, பிறந்த ஆண்டைத்தான் வைப்பார்கள். அதனால் வயது தெரியும், வயது தெரிந்தால் வகுப்பு தெரியும். Kavin என்பதில் ஆண் பிள்ளை என்பதும் கூப்பிடும் பெயரும் தெரியும். ஈரோட்டின் ஒரு பகுதியில், ஆறாம் வகுப்பில் படிக்கும், இந்தப் பெயருள்ள பையன்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று அவனையே எண்ணச் சொல்லுங்கள். விரல்கள் போதும்.

இன்னொரு படி பாக்கி இருக்கிறது, உங்கள் விஷயத்தில் அதுதான் முக்கியமானது: செஸ். போட்டிகளில் ஆடும் பிள்ளைகளின் பெயர், இனிஷியல், பிறந்த ஆண்டு ஆகியவை சர்வதேச செஸ் கூட்டமைப்பின் தளத்திலும் போட்டி முடிவுப் பட்டியல்களிலும் எல்லோர் பார்வைக்கும் இருப்பவை. பல பட்டியல்களில் ஊர் அல்லது கிளப் என்று தனிப் பத்தியே உண்டு. இதை நீங்கள் தடுக்க முடியாது. தடுக்க வேண்டிய அவசியமும் இல்லை, போட்டி என்றால் பெயர் வெளியே வரத்தான் செய்யும். ஆனால் ரோப்ளாக்ஸில் பழகிய ஒருவர், அதே பெயரை லிசெஸ்ஸில் பார்த்து, இவன் செஸ் ஆடுகிறவன் என்று தெரிந்துகொண்டு, Kavin, 2014, ஈரோடு என்று அந்தப் பட்டியலில் தேடினால், அப்பாவின் பெயரின் முதலெழுத்தோடு முழுப் பெயரும் கிடைத்துவிடும். பரிசு வாங்கிய படம் அகாடமியின் பக்கத்தில் இருந்தால் முகமும் கிடைக்கும். இத்தனைக்கும் யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை. மூன்றே தேடல்கள்தான்.

ஆகவே பெயரில் இரண்டு தனித்தனிக் குறைகள் உள்ளன. ஒன்று, பெயருக்குள் இருக்கும் துப்பு. இன்னொன்று, ஒரே பெயரை இரண்டு இடத்தில் வைத்தது. பெரும்பாலான பெற்றோர் முதலாவதைச் சரிசெய்துவிட்டு இரண்டாவதை விட்டுவிடுவார்கள். ஒரு பெயரைக் கொடுத்தால் நூற்றுக்கணக்கான தளங்களில் அதே பெயரில் கணக்கு இருக்கிறதா என்று தேடித்தரும் இலவசக் கருவிகள் இருக்கின்றன. அதனால் எவ்வளவு மறைவான பெயரானாலும் எல்லா இடத்திலும் அதையே வைத்தால், ஒரு தளத்தில் சிந்திய துப்பு மற்ற எல்லாத் தளங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். விளையாட்டுக்கு ஒரு பெயர், செஸ்ஸுக்கு வேறொரு பெயர் என்று வைப்பது இதற்காகத்தான்.

இனி அழுகை விஷயம். ரோப்ளாக்ஸில் பெயர் இரண்டு வகை. தலைக்கு மேலே மிதப்பது Display Name. கணக்கின் நிரந்தர அடையாளம் Username. முதலாவதை ஏழு நாளுக்கு ஒருமுறை இலவசமாக மாற்றலாம். பல வீடுகளில் இதை மட்டும் மாற்றிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. அவனுடைய ப்ரொஃபைலைத் தொட்டால் புதுப் பெயருக்குக் கீழே @KavinTN33_2014 என்று அப்படியே நிற்கும். சரி, Username-ஐயே மாற்றிவிடலாம் என்றால் அதற்கு அங்கே காசுபோல் புழங்கும் ரோபக்ஸில் 1,000 கேட்பார்கள். கொடுத்து மாற்றினாலும் பழைய பெயர் "முந்தைய பெயர்கள்" என்று ப்ரொஃபைலிலேயே காட்டப்படும். காசு கொடுத்து வீட்டு வாசலில் பழைய பெயர்ப் பலகையையும் மாட்டி வைப்பது போல. துப்பு உள்ள பெயருக்கு இந்த வழி உதவாது. புதுக் கணக்குத்தான் சரி.

புதுக் கணக்குக்குப் பழைய கணக்கின் பொருட்கள் வராது. ரோப்ளாக்ஸ் இரண்டு கணக்கை ஒன்றாக்கித் தருவதில்லை. இதை மறைக்காமல் பையனிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் பழைய கணக்கை இன்றே அழித்தாக வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் செய்தால் இரண்டே நாளில் உங்களுக்குத் தெரியாமல் மூன்றாவது கணக்கு ஒன்று திறக்கும், அதில் பெயர் KavinTN33_new என்று இருக்கும். அதற்குப் பதில் பழைய கணக்கை வாயில்லாததாக்குங்கள். Display Name-ஐ மாற்றி, About பகுதியைக் காலியாக்கி, நேரில் தெரியாத நண்பர்களை நீக்கி, பெற்றோர் கட்டுப்பாட்டில் அரட்டையை முழுவதும் அணைத்துவிடுங்கள். சேர்த்த பொருட்கள் உள்ள அந்த ஓரிரு விளையாட்டுகளுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தட்டும். புது நண்பர்கள், புது விளையாட்டுகள் எல்லாம் புதுக் கணக்கில். சில மாதங்களில் அந்தப் பழைய பொருட்களின் மேல் ஆசை தானாக வடியும். அப்போது நீக்கலாம்.

இப்போது புதுப் பெயர். இதைப் பையனையே யோசித்து வைக்கச் சொல்லாதீர்கள். நீங்களும் யோசிக்காதீர்கள். மனதில் தோன்றும் எந்தப் பெயரும் வாழ்க்கையிலிருந்துதான் வரும்: வீட்டு நாய், பிடித்த கிரிக்கெட் வீரர், ஜெர்சி எண், பாட்டி கூப்பிடும் செல்லப்பெயர். செல்லப்பெயர் பாதுகாப்பானது என்று பலர் நம்புகிறார்கள், பள்ளிப் பதிவேட்டில் இல்லையே என்று. அது உண்மைப் பெயரைவிட மோசம். குடும்பப் படங்களுக்குக் கீழே உறவினர்கள் அந்தப் பெயரைத்தான் எழுதுவார்கள். மேலும் வீட்டார் மட்டும் கூப்பிடும் பெயரால் ஒருவர் கூப்பிட்டால், தெரிந்தவர் என்று பிள்ளை நம்பிவிடும்.

சீட்டுக் குலுக்கல் செய்யுங்கள். இரண்டு கிண்ணம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கிண்ணத்தில் பத்துச் சீட்டு: முறுக்கு, நுங்கு, பம்பரம், குடை, பட்டம், உப்பு, தட்டு, சக்கரம், கூடை, திரி என்று சாதாரணப் பொருட்கள். இரண்டாவதில் பத்துச் சீட்டு: Rocket, Comet, Kettle, Drum, Falcon, Ladder, Pirate, Magnet, Turtle, Wizard என்று அவனுக்குப் பிடித்த ஆங்கிலச் சொற்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சீட்டு எடுத்தால் ஒரு பெயர். நூறு சேர்க்கை வரும். ஐந்து முறை எடுக்கச் சொல்லி, அந்த ஐந்தில் எது வேண்டும் என்பதை அவன் முடிவு செய்யட்டும். NunguRocket என்றோ BambaramPirate என்றோ வந்தால் சிரிப்பான், சிரித்தால் அந்தப் பெயரை வைத்துக்கொள்வான். (இங்கே அச்சில் வந்துவிட்டதால் இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள்.) ரோப்ளாக்ஸில் 3 முதல் 20 எழுத்து வரை இடம் உண்டு. ஆங்கில எழுத்து, எண், நடுவில் ஒரே ஒரு அடிக்கோடு மட்டும் ஏற்கும்.

சீட்டில் எழுதக்கூடாத சொற்கள் சில உண்டு. ஈரோட்டுக்காரர் ஒருவர் வெகு இயல்பாக "மஞ்சள்" என்று எழுதுவார். ManjalRocket பார்க்க அப்பாவிப் பெயர். ஆனால் மஞ்சள் என்றால் ஈரோடு என்று தமிழ் தெரிந்த யாரும் சொல்லிவிடுவார்கள். பவானி, ஜமக்காளம், காவேரி, கொங்கு எல்லாம் இதே வகை. மதுரைப் பிள்ளைக்கு மல்லியும் ஜிகர்தண்டாவும், திருநெல்வேலிப் பிள்ளைக்கு அல்வாவும் இப்படித்தான். குட்டி, பாப்பா, boy, girl, cute, little போன்றவையும் வேண்டாம். ஊரைச் சொல்லாவிட்டாலும் இங்கே இருப்பது சின்னப் பிள்ளை என்று கூவுபவை அவை. தவறான நோக்கத்தோடு பெயர்ப் பட்டியலை மேய்கிற ஒருவருக்கு வேண்டிய முதல் தகவலே அதுதான்.

அப்படியானால் முறுக்கு, நுங்கு என்று தமிழ்ச் சொல் வைத்தால் தமிழ்ப் பிள்ளை என்று தெரிந்துவிடாதா? தெரியும். அது பரவாயில்லை என்பது என் கருத்து. அது கோடிக்கணக்கானவர்களின் கூட்டம், அதில் ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறது. ஒரு துப்பு ஆபத்தானதா என்று பார்க்க, அது எவ்வளவு பெரிய கூட்டத்தில் நம்மை நிறுத்துகிறது என்று கேளுங்கள். மொழி கோடிகளில் நிறுத்தும். ஊர் லட்சங்களில். பள்ளி ஆயிரம் இரண்டாயிரத்தில். வகுப்பும் பிரிவும் நாற்பது பேரில். மொழிக்குக் கீழே எதுவும் பெயரில் இறங்கக்கூடாது.

எண் வேண்டாம் என்பதுதான் என் முதல் யோசனை. ஆனால் நடைமுறையில் என்ன ஆகும் என்றால், ஆசைப்பட்ட பெயரை ஏற்கெனவே யாரோ எடுத்திருப்பார்கள். திரையில் "இந்தப் பெயர் இல்லை" என்று வந்ததும் பிள்ளையின் விரல் தானாக 2014-க்குப் போகும், அல்லது 14-க்கு. துப்பு பெயருக்குள் நுழையும் நொடி பெரும்பாலும் அதுதான். அதனால் கணக்குத் திறக்கும்போது பக்கத்தில் இருங்கள். பெயர் கிடைக்காவிட்டால் அடுத்த சீட்டை எடுங்கள். எண் வேண்டும் என்று அடம் பிடித்தால் தாயக்கட்டையோ லூடோ கட்டையோ இரண்டு முறை உருட்டி இரண்டு இலக்கம் எடுங்கள். 11 முதல் 16 வரை விழுந்தால் மறுபடி உருட்டுங்கள், அவை வயதாகவோ பிறந்த ஆண்டாகவோ படிக்கப்படும். உங்களுக்கு 33, 36, 56 விழுந்தாலும் மறுபடி உருட்டுங்கள்: ஈரோடு, கோபி, பெருந்துறை வண்டி எண்கள். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் வண்டி எண்ணை நீக்கிக்கொள்ளலாம். பின்கோடின் முதல் மூன்று இலக்கம், எஸ்டிடி கோடு, ரோல் நம்பர், அம்மா செல்போனின் கடைசி நான்கு இலக்கம் எதுவும் கூடாது. கட்டையில் விழாத எண்களிலும் 69, 88, 420 மூன்றையும் தொட வேண்டாம். நம் ஊரில் 420 என்றால் ஏமாற்றுக்காரன். வெளிநாட்டு ஆட்டக்காரர்களிடம் அது கஞ்சாவைக் குறிக்கும். 69 ஆபாசக் குறிப்பு, 88 நாஜி ஆதரவாளர்களின் குறியீடு. பிள்ளைக்கு அர்த்தம் தெரியாது, எதிரில் இருப்பவருக்குத் தெரியும்.

பெயரை உறுதி செய்யுமுன் சோதித்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. தேடுபொறியில் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள், எண் இருந்தால் எண் இல்லாமலும் ஒருமுறை. பிறகு தளங்களிலேயே நேராகப் பாருங்கள். பிரவுசரின் முகவரிப் பெட்டியில் இப்படி அடித்தால் அந்தப் பெயரில் கணக்கு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்:

```
lichess.org/@/பெயர்
youtube.com/@பெயர்
```

"பெயர்" என்ற இடத்தில் நீங்கள் எடுத்த ஆங்கில எழுத்துப் பெயர். வேறொருவர் அதே பெயரில் ஏற்கெனவே புழங்கினால் விட்டுவிடுங்கள். அவர் போடும் வீடியோவும் அவர் வாங்கும் சண்டையும் உங்கள் பிள்ளையின் கணக்கில் எழுதப்படும். அடுத்து, எல்லாவற்றையும் சிறிய எழுத்தில் சேர்த்து எழுதி உரக்கப் படித்துப் பாருங்கள். இரண்டு சொல் ஒட்டும்போது நடுவில் புதிதாக ஒரு கெட்ட வார்த்தை பிறப்பது உண்டு. கடைசியாக, விஷயம் தெரியாத சித்தியிடமோ மாமாவிடமோ பெயரை மட்டும் அனுப்பி, "இது ஆணா பெண்ணா, என்ன வயசு, எந்த ஊர், பேர் என்னவா இருக்கும்?" என்று கேளுங்கள். நான்கில் ஒன்றையாவது காரணம் சொல்லிச் சரியாகக் கண்டுபிடித்தால் அந்தச் சீட்டைக் கிழித்துவிடுங்கள். குருட்டாம்போக்கில் சரியாகச் சொன்னால் பரவாயில்லை.

கணக்குத் திறக்கும் படிவத்தில் பிறந்த தேதி கேட்பார்கள். இங்கே சிலர் ஒரு குழப்பத்தில் விழுகிறார்கள்: பெயரை மறைக்கச் சொன்னார்களே, தேதியையும் மாற்றிவிடுவோம் என்று பெரியவர் வயதைப் போடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். அந்தத் தேதி மற்ற ஆட்டக்காரர்களுக்குக் காட்டப்படுவதில்லை. பதின்மூன்று வயதுக்குக் கீழே என்று தெரிந்தால்தான் தளம் அரட்டையையும் வடிகட்டலையும் இறுக்கமாக வைக்கும். பொய்த் தேதி போட்டால் மூடியிருக்க வேண்டிய கதவுகளை நீங்களே திறந்துவிட்டவர் ஆவீர்கள். மறைக்க வேண்டியது திரையில் தெரிவதை.

செஸ்ஸுக்கு வருவோம். லிசெஸ்ஸில் பெயரை மாற்றவே முடியாது, எழுத்தைப் பெரியதாகவோ சிறியதாகவோ ஆக்க மட்டும் விடுவார்கள். ஆகவே இங்கேயும் பழையதை மூடிவிட்டுப் புதிதாகத் திறப்பதுதான். மறுபடி குலுக்கி, ரோப்ளாக்ஸ் பெயரோடு ஒரு சொல்கூட ஒட்டாத பெயராக எடுங்கள். ரேட்டிங் போய்விடுமே என்று பையன் கேட்பான். புதுக் கணக்கு 1500 என்று கேள்விக்குறியோடு தொடங்கும். தொடர்ந்து ஆட ஆட அவனுடைய உண்மையான பலத்துக்கு எண் போய்ச் சேரும், கேள்விக்குறியும் போய்விடும். ரோப்ளாக்ஸ் பொருள்போல நிரந்தர நஷ்டம் இல்லை.

இங்கே உங்களுக்குத் தடையாக வரப்போகிறவர் பையன் அல்ல, பயிற்சியாளர். முப்பது பிள்ளைகளை வைத்து ஆன்லைன் வகுப்பு நடத்துகிறவருக்கு NunguRocket யார் என்று எப்படித் தெரியும்? அதனால் "எல்லாரும் பேரும் வருஷமும் வெச்சு ஐடி போடுங்க" என்று சொல்லியிருப்பார். KavinTN33_2014 பிறந்ததே ஒருவேளை அப்படித்தானோ என்னவோ. அவருடைய சிக்கல் உண்மையானது, அதற்கு லிசெஸ்ஸிலேயே வழி இருக்கிறது. அங்கே ஆசிரியர்களுக்கென்று Class என்ற வசதி உண்டு. அதில் பயிற்சியாளர் ஒவ்வொரு மாணவருக்கும் Real name என்ற கட்டத்தில் உண்மைப் பெயரை எழுதிக்கொள்ளலாம். அது வகுப்புக்கு வெளியே தெரியாது. வெளியுலகத்துக்குக் குலுக்கல் பெயர், வகுப்புக்குள் மட்டும் உண்மைப் பெயர். மாணவருக்குப் புதுக் கணக்கை அங்கிருந்தே உருவாக்கவும் முடியும், தற்செயலான பெயர் ஒன்றையும் அதுவே தரும். அதெல்லாம் எனக்கு வேண்டாம் என்று அவர் சொன்னால், வாட்ஸ்அப்பில் அவருக்குத் தனியாக "இந்த ஐடி இன்னாருடையது" என்று அனுப்புங்கள், குழுவில் போடாதீர்கள்.

அதே தளத்தில் பெயரைவிட நைசாக ஊரைச் சொல்லிவிடும் இன்னொரு இடம் Team. அகாடமியின் பெயரும் ஊரும் சேர்ந்த ஒரு குழுவில் பையன் உறுப்பினர் என்றால் அது அவன் ப்ரொஃபைலில் தெரியும். பெயரில் எடுத்த ஊரைக் குழு திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடும். Settings-ல் Kid mode-ஐ இயக்கிவிடுங்கள். அது அரட்டை, தனிச்செய்தி எல்லாவற்றையும் மூடும். பெயர், ஊர் கேட்கும் கட்டங்களைக் காலியாக விடுங்கள். குழுவிலிருந்தும் விலகிக்கொள்ளலாம். வகுப்புப் போட்டிக்குக் குழு தேவையில்லை, கடவுச்சொல் வைத்த தனிப் போட்டியின் இணைப்பைப் பயிற்சியாளர் அனுப்பினால் போதும். உண்மைப் பெயர் கட்டாயம் என்று கேட்கும் அதிகாரபூர்வ ஆன்லைன் போட்டி வந்தால், அதற்கென்று தனிக் கணக்கு ஒன்று வைத்து, அந்தப் போட்டிக்கு மட்டும் பயன்படுத்துங்கள்.

யூடியூபில் கமெண்ட் போடும் பழக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். கூகுள் கணக்கின் பெயரை ஒட்டி @ போட்ட ஒரு handle பெயரை யூடியூப் தானாகவே கொடுத்திருக்கலாம், அவன் கேட்டிருக்கவே வேண்டியதில்லை. youtube.com/handle என்ற பக்கத்தில் அது என்னவென்று தெரியும், அங்கேயே மாற்றலாம். பதினான்கு நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடும் என்பதால் முன்கூட்டியே சீட்டு எடுத்து வைத்துக்கொண்டு போங்கள்.

புதுக் கணக்குக்கு மாறும் நாளில்தான் பெரும்பாலான மறைவுப் பெயர்கள் செத்துப்போகின்றன. பையன் பழைய கணக்கின் About பகுதியில் ஆசையாக "my new id" என்று எழுதி, புதுப் பெயரைப் போட்டுவிடுவான். அல்லது பழைய கணக்கையும் புதியதையும் ஒன்றுக்கொன்று நண்பராக்குவான். இரண்டில் எது நடந்தாலும் நீங்கள் செய்த குலுக்கல் வீண். இதை மட்டும் முன்கூட்டியே, தெளிவாகச் சொல்லிவிடுங்கள். புதுப் பெயரை வகுப்பு நண்பர்களுக்கு நேரில், வாயால் சொல்லட்டும். பழைய நண்பர் பட்டியலை அப்படியே தூக்கிப் புதியதில் சேர்க்க வேண்டாம். நேரில் முகம் தெரிந்த நாலைந்து பேர் போதும். பழைய அவதாரின் உடை, தொப்பி, முடி எல்லாவற்றையும் அதேபோல மறுபடி செய்வதும் அடையாளம்தான்.

அந்த நாலைந்து பேரின் பெயர்களையும் ஒரு பார்வை பாருங்கள். உங்கள் பிள்ளையின் பெயர் சுத்தமாக இருந்து, நண்பர் பட்டியலில் இருக்கும் ஐந்து பேரில் மூன்று பேர் TN33 என்றும் பள்ளியின் சுருக்கெழுத்து என்றும் வைத்திருந்தால், இவன் யாரென்று அவர்கள் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். பள்ளிப் பெயரும் "6-B" என்பதும் சேர்ந்த விளையாட்டுக் குழு ஏதும் இருந்தால் அதிலிருந்தும் விலக வேண்டும். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களிடம் பேசி, எல்லோரும் சேர்ந்து ஒரே நாளில் குலுக்கினால் பையனுக்குத் தான் மட்டும் தண்டிக்கப்பட்டதாகத் தோன்றாது.

கேள்வி கேட்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்பதையும் தயாராக வையுங்கள், இல்லாவிட்டால் பிள்ளை மரியாதைக்காக உண்மையைச் சொல்லிவிடும். "Real name?" என்றால் "இங்க இதான் என் பேரு". "Where from?" என்றால் "India". அதற்குமேல் இரண்டாவது முறை கேட்பவரிடம் பேச்சு முடிந்தது, பிளாக். வேறு செயலிக்கு வா என்று கூப்பிடுபவருக்கும் அதுவே. இதை இரண்டு மூன்று முறை நாடகம் போல நீங்கள் கேட்டு அவன் சொல்லிப் பழகட்டும்.

ஒருவேளை முன்பின் தெரியாத யாராவது ஏற்கெனவே அவனைப் பள்ளிப் பெயரோடோ அப்பா பெயரோடோ கூப்பிட்டிருந்தால், அல்லது அதை வைத்து மிரட்டியிருந்தால், பெயர் மாற்றும் வேலையைத் தள்ளிவையுங்கள். பழைய கணக்கை நீக்காதீர்கள், அரட்டையை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. எதிராளியின் Username, தேதி, நேரம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு 1098 குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். cybercrime.gov.in தளத்திலும் குழந்தைகள் தொடர்பான புகாருக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. பிள்ளை உங்களிடம் சொன்னதற்காக போனைப் பிடுங்கிவிடாதீர்கள். பிடுங்கினால் அடுத்த முறை சொல்லாது.

இவ்வளவு செய்தாலும் இந்தப் பெயர் யாரிடமிருந்து மறைக்கும் என்பதில் தெளிவாக இருங்கள். முன்பின் தெரியாதவரிடமிருந்து மறைக்கும். வகுப்புத் தோழனிடமிருந்து மறைக்காது. பள்ளியில் சண்டை போட்ட பையன் நாளைக்கே அரட்டையில் உண்மைப் பெயரைப் போட்டு உடைக்கலாம். அப்படி நடந்தால் மறுபடி இரண்டு கிண்ணம் எடுக்க வேண்டியதுதான், அதனால் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள். எந்தத் தளத்தில் எந்தப் பெயர், எந்த மின்னஞ்சலில் திறந்தது, எப்போது திறந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழைய பெயரையும் புதுப் பெயரையும் ஒரே தேடலில் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஒரே பக்கத்தில் வந்தால், எங்கோ முடிச்சு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பக்கத்தைத் திறந்தால் எங்கே என்று தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று. அவன் மைக்கைத் திறந்து வைத்து விளையாடும்போது அடுக்களையிலிருந்து "கவினு, சாப்பிட வா!" என்று நீங்கள் கூப்பிட்டால், விளையாட்டில் இருக்கும் அத்தனை பேருக்கும் கேட்கும். அந்த நேரத்தில் "தம்பி" என்று கூப்பிடுங்கள். வழக்கம்போல "கண்ணு" என்றே வாயில் வந்தால் கொங்குப் பக்கம் என்று தெரிந்துவிடுமே என்று கவலை வேண்டாம். அது பல மாவட்டக் கூட்டம்.